'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா போதுமா? மூணு வருஷம் பேசாத வாடிக்கையாளரை மறுபடி அழைப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், ஆலங்குடி, வடகாடு பக்கம் யாரிடம் பேசினாலும் பேச்சு ஒரு இடத்தில் இரண்டாகப் பிரியும். 'கஜாவுக்கு முன்னாடி', 'கஜாவுக்குப் பின்னாடி'. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், தென்னையையும் பலாவையும் வாழையையும் ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. மரம் சாய்ந்ததும் பல வீடுகளில் முதலில் நின்றுபோன செலவுகளில் ஒன்று, இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

அதோடு இன்னொன்றும் நின்றது. பாலிசி போட்டுக் கொடுத்த முகவரின் போன். தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடக்கும் வீட்டுக்குப் போய், 'அண்ணே, தவணை கட்டலையே' என்று எப்படிக் கேட்பது? கேட்கக் கூச்சப்பட்டு முகவர் ஒதுங்கினார். கட்டவில்லையே என்ற கூச்சத்தில் வாடிக்கையாளரும் ஒதுங்கினார். கடைத்தெருவில் எதிரெதிரே பார்த்தால்கூடத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் நல்ல மனசுதான். ஆனால், பாலிசிக்கு ஒரு கடிகாரம் உண்டு. அது யாருடைய கூச்சத்துக்காகவும் நிற்காது.

நீண்ட நாள் பேசாமல் விட்ட வாடிக்கையாளரிடம் மறுபடி பேசுவது எல்லாத் தொழிலிலும் இருக்கும் சங்கடம்தான். எல்ஐசி முகவர் தொழிலில் அது வெறும் வியாபாரச் சங்கடம் இல்லை, ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய பணம் சம்பந்தப்பட்டது. அதனால் அந்தத் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் முகவரும் அவருடைய இரண்டு வாடிக்கையாளர்களும் கணக்குப் புரிவதற்காகச் சொல்லப்படுபவர்கள். விதிகளும் தேதிகளும் நிஜம்.

டைரியில் இரண்டு பெயர்கள்

2025 செப்டம்பர் கடைசி. ஆலங்குடியில் இருக்கும் ஒரு முகவர் பழைய டைரியைப் புரட்டுகிறார். பேசியே பல வருடமான இரண்டு பேர் கண்ணில் படுகிறார்கள்.

ஒருவர் தென்னை விவசாயி. 2010 டிசம்பரில் 20 வருடப் பாலிசி எடுத்தவர். காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். வருடம் ஒரு தவணை வீதம் 8 தவணை கட்டினார். 2018 டிசம்பர் தவணைக்கு முந்தைய மாதம் புயல் வந்தது. அதோடு சரி.

இன்னொருவர் கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்யும் அக்கா. 2016 ஜூனில் 3 லட்சம் ரூபாய்க்கு 20 வருடப் பாலிசி. வருடத்துக்கு 15,000 ரூபாய். 6 தவணை ஒழுங்காகக் கட்டியவர், 2022 ஜூனில் மகளின் கல்லூரிச் செலவு வந்ததும் நிறுத்திவிட்டார்.

முகவருக்கு முதலில் என்ன தோன்றும்? போனை எடுத்து, 'அக்கா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சே' என்று ஒரு மெசேஜ் தட்டலாம். அல்லது, பூ படம் போட்ட காலை வணக்கம் அனுப்பலாம். பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். வாங்குபவர் மனதில் உடனே எழும் கேள்வி, 'மூணு வருஷமா வராதவர் இப்ப எதுக்கு வர்றார்?' காரணம் சொல்லாமல் விட்டால், காரணத்தை அவரே ஊகித்துக்கொள்வார். 'புதுசா எதையோ விற்க வர்றார்' என்பதுதான் அந்த ஊகமாக இருக்கும்.

ஆகவே, பேசுவதற்கு முன்னால் ஒரு காரணம் வேண்டும். அது முகவருடைய காரணமாக இருக்கக் கூடாது. 'இந்த மாசம் எனக்கு டார்கெட் இருக்கு' என்பது முகவரின் காரணம். 'புதுத் திட்டம் வந்திருக்கு' என்பது கம்பெனியின் காரணம். வாடிக்கையாளரின் காரணம் அவருடைய பாலிசிப் பத்திரத்துக்குள் இருக்கிறது.

முதல் வேலை போனில் இல்லை, கிளையில்!

பாலிசி எண்ணை வைத்து கிளையில் (அல்லது முகவருக்கான இணையதளத்தில்) நிலவரம் எடுக்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்றுதான். கடைசியாகக் கட்டிய தவணை எது? முதலில் கட்டாமல் விட்ட தவணையின் தேதி எது? இன்று புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

இதில் நடுவில் இருக்கும் தேதிதான் உயிர்நாடி. பாலிசி நின்றுபோனால், முதலில் கட்டாமல் விட்ட தவணைத் தேதியிலிருந்து 5 வருடத்துக்குள் அதைப் புதுப்பிக்கலாம். பங்குச்சந்தையோடு இணைந்த யூலிப் வகைக்கு 3 வருடம். 2014-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கு இந்த அவகாசம் முன்பு 2 வருடமாகத்தான் இருந்தது. 2019-ல்தான் எல்ஐசி அதை நீட்டியது. 'ரெண்டு வருஷம் தாண்டிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இப்போது நம் இருவரின் கணக்கைப் பார்க்கலாம். பூ வியாபாரி அக்கா முதலில் விட்டது 2022 ஜூன் தவணை. அவருக்கு 2027 ஜூன் வரை நேரம் இருக்கிறது. தென்னை விவசாயி விட்டது 2018 டிசம்பர் தவணை. அவருடைய 5 வருடம் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. முகவர் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்த காலத்தில்தான் அந்தக் கதவு மூடியது.

அக்காவின் கணக்கு

6 தவணை கட்டியதால் அக்காவின் பாலிசி முழுக்கச் செத்துவிடவில்லை. பழைய பாலிசிகளில் குறைந்தது 3 வருடம் கட்டியிருந்தால், அது 'பெய்ட் அப்' என்ற நிலைக்கு வரும். அதாவது, கட்டிய தவணைகளின் விகிதத்துக்குக் காப்பீட்டுத் தொகை சுருங்கிவிடும். 20-ல் 6 தவணை என்றால், 3 லட்சத்தில் 90,000 ரூபாய். அதுவரை சேர்ந்த போனஸ் அதோடு நிற்கும். புதிதாகச் சேராது. நாளைக்கே அக்காவுக்கு ஏதாவது ஆனால், குடும்பத்துக்கு 3 லட்சத்துக்குப் பதில் இந்த 90,000 ரூபாயும் பழைய போனஸும்தான் கிடைக்கும். அக்காவுக்கு இது தெரியுமா? 'பாலிசி இருக்கு' என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

புதுப்பிக்க 2022, 2023, 2024, 2025 என நான்கு ஜூன் தவணைகள் பாக்கி. 60,000 ரூபாய். அதன்மேல் தாமதக் கட்டணம், அதாவது வட்டி. கிளை 11,000 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எல்ஐசி ஒரு சிறப்புப் புதுப்பிப்பு முகாம் நடத்தியது. 2025 ஆகஸ்ட் 18-லிருந்து அக்டோபர் 17 வரை. யூலிப் அல்லாத, தகுதியுள்ள பாலிசிகளுக்குத் தாமதக் கட்டணத்தில் 30 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி. அக்காவுக்கு 3,300 ரூபாய் குறையும். ஆக, வரி தவிர்த்து 67,700 ரூபாய்.

இதுதான் காரணம். அக்காவின் பாலிசி, அக்காவின் தேதி, அக்காவின் ரூபாய். இந்த மாதிரி முகாம்களை எல்ஐசி அவ்வப்போது அறிவிக்கும். அடுத்தது எப்போது என்று தெரியாது. முகாம் இல்லாத நாளிலும் அந்த 5 வருடக் கெடு என்ற காரணம் அப்படியே இருக்கும்.

மெசேஜில் என்ன எழுதுவது?

"அக்கா, வணக்கம். ஆலங்குடி எல்ஐசி தம்பி பேசறேன். உங்க பாலிசி 2022 ஜூன் தவணையிலேர்ந்து நிக்குது. நானும் இத்தனை நாள் சொல்லாம விட்டுட்டேன், அது என் தப்பு. இப்போதைக்கு 3 லட்சம் கவர் 90,000 ஆகக் குறைஞ்சிருக்கு. திரும்பப் புதுப்பிக்க 2027 ஜூன் வரை நேரம் இருக்கு. அக்டோபர் 17-க்குள்ள பண்ணினா தாமதக் கட்டணத்துல 3,300 ரூபாய் குறையும். கணக்கு எழுதி வெச்சிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணட்டுமா? வேணாம்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அதுக்கப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன்."

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு தேதிகளையும் சொல்லியிருப்பது. அக்டோபர் 17 என்று மட்டும் சொன்னால் அவசரம் கூடும். பணமும் சீக்கிரம் வரலாம். ஆனால், 2027 வரை நேரம் இருந்தது என்று பின்னால் வேறு யாராவது சொன்னால், இந்த முகவரின் பேச்சை அக்கா அதற்குப்பிறகு நம்பமாட்டார். தள்ளுபடிக்கு ஒரு தேதி, பாலிசிக்கு ஒரு தேதி. இரண்டும் வேறு என்று தெரிந்து அவரே முடிவெடுக்கட்டும்.

'நான் சொல்லாம விட்டுட்டேன்' என்ற வரி மன்னிப்புக்காக மட்டும் இல்லை. அக்காவின் மனதில், 'நாமதான் கட்டாம ஏமாத்திட்டோம்' என்ற உறுத்தல் இருக்கும். அதை முகவர் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டால், அக்கா பதில் எழுதுவது எளிதாகிவிடும். 'ஏன்க்கா கட்டல?' என்ற கேள்வியை எந்த இடத்திலும் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கு அவர் ஒரு காரணம் தேட வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பேச்சு நின்றுபோகும்.

அனுப்பும் முன் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். மெசேஜில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு வேறொரு வாடிக்கையாளருக்கு அதையே அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அதில் காரணமே இல்லை. அது நோட்டீஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அக்கா போனை எடுக்கிறார். முதல் கேள்வியே சந்தேகம்தான்.

"தம்பி, நெசமாவே நீங்கதானா? போன மாசம் ஒருத்தன் போன் பண்ணி, நின்னுபோன பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு, முன்பணம் கட்டுங்கன்னான்."

இந்தச் சந்தேகம் நியாயமானது. நின்றுபோன பாலிசி வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, 'போனஸ் வந்திருக்கு' என்று பேசும் மோசடி நடக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பாலிசி விற்பதோ, போனஸ் தருவதாக அழைப்பதோ கிடையாது என்று அந்த ஆணையமே திரும்பத் திரும்ப எச்சரித்துள்ளது. உண்மையான முகவர் இங்கே கோபப்படக் கூடாது.

"நல்லதுக்கா, அப்படித்தான் கேட்கணும். நீங்க என்கிட்ட ஒரு ரூபாயும் தர வேணாம். கிளைக் கவுன்டர்லயோ, எல்ஐசி வெப்சைட்லயோ நேரா கட்டுங்க. அதுக்கு முன்னாடி கிளையில உங்க பாலிசி நம்பரைச் சொல்லி, நான் சொன்ன கணக்கு சரியான்னு கேட்டுக்கங்க."

பணம் முகவரின் சொந்தக் கணக்குக்கோ, கூகுள் பே எண்ணுக்கோ போகக் கூடாது. வாசகர்கள் யாராக இருந்தாலும், இப்படி ஒரு அழைப்பு வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி இது.

அடுத்து அக்கா கேட்கிறார். "அறுபத்தேழாயிரத்துக்கு எங்க போறது தம்பி?"

முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் புரட்டத்தான் வேண்டும் என்பதில்லை. தகுதி இருந்தால், பாக்கியைத் தவணைகளாகக் கட்டிப் புதுப்பிக்கும் வழி எல்ஐசியில் உண்டு. பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு சேர்ந்திருந்தால், அதன்மேல் கடன் எடுத்து அந்தக் கடனையே பாக்கிக்கு வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் கடனுக்கு வட்டி ஓடும் என்பதையும், கட்டாவிட்டால் பிற்பாடு வரும் தொகையில் அது கழியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

"முதல் தவணையை நானே போட்டுடறேன்க்கா" என்று சில முகவர்கள் பேசிவிடுவார்கள். அது உதவி மாதிரி தெரிந்தாலும், இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி கமிஷனையோ பிரீமியத்தையோ இப்படி விட்டுக்கொடுப்பது குற்றம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சர்க்கரையை மறைக்கலாமா?

பேச்சின் நடுவே அக்கா ஒன்று சொல்கிறார். "போன வருஷத்துலேர்ந்து சர்க்கரைக்கு மாத்திரை போடறேன் தம்பி. அது எழுதணுமா?"

அதையும் எழுதத்தான் வேண்டும். புதுப்பிக்கும்போது உடல்நலம் பற்றி ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். முகாமில் வட்டிக்குத்தான் தள்ளுபடி. மருத்துவ நிபந்தனைக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பாலிசி எடுத்து 3 வருடம் கடந்துவிட்டால், தகவல் தவறு என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்கிறது சட்டத்தின் 45-வது பிரிவு. ஆனால், பாலிசியைப் புதுப்பித்தால் அந்த 3 வருடம் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அக்கா சர்க்கரையை மறைத்துக் கையெழுத்துப் போட்டு, 2 வருடத்தில் ஏதாவது நேர்ந்தால், 67,700 ரூபாய் கட்டியும் குடும்பம் கிளெய்முக்கு அலைய வேண்டி வரலாம். 'அதெல்லாம் எழுத வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லும் முகவர், தன் கமிஷனை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறார்.

இன்னொரு தூண்டிலும் உண்டு. 'பழசை விடுங்க, புதுசா ஒண்ணு போடலாம்.' புதுப் பாலிசியின் முதல் வருடக் கமிஷன், பழைய பாலிசியின் தவணைக் கமிஷனைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால், 2016-ல் நல்ல உடல்நிலையில் எடுத்த பாலிசியின் பிரீமியம், வயதும் சர்க்கரையும் கூடிய பிறகு அதே விலைக்குக் கிடைக்காது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், அக்காவுக்கே புரிந்துவிடும். எழுதிப் பார்த்த பிறகு, 'இருக்கிற 90,000 போதும், அப்படியே விட்டுடலாம்' என்று அவர் சொன்னால் அதுவும் சரியான முடிவுதான். தெரிந்தே எடுத்த முடிவு அது.

கதவு மூடியவரிடம் என்ன பேசுவது?

முதல் பெயருக்கு வருவோம். தென்னை விவசாயி. அவருக்குப் புதுப்பிக்கும் வாய்ப்பு இல்லை. தள்ளுபடி இல்லை. முகவருக்குக் கமிஷனும் இல்லை. அப்படியானால் அவரை அழைக்கக் காரணமே இல்லையா?

இருக்கிறது. 20-ல் 8 தவணை கட்டியவர். 2 லட்சத்தில் 80,000 ரூபாயும் அதுவரை சேர்ந்த போனஸும் அவர் பெயரில் நிற்கின்றன. 2030 டிசம்பரில் பாலிசி முதிரும். 'கட்டாம விட்ட காசு, போச்சு' என்று அவர் எண்ணியிருந்தால், அந்தப் பணத்தைக் கேட்கவே மாட்டார். பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ! புயலில் நனைந்திருக்கலாம். வங்கிக் கணக்கு மாறியிருக்கலாம். நாமினியாகப் போட்டவர் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். கேட்பாரில்லாமல் 10 வருடம் கிடக்கும் பாலிசிப் பணம், மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்பட்டுவிடும்.

இந்த முறை மெசேஜ் வேண்டாம். நேரில்தான் போக வேண்டும். கெட்ட செய்தியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"அண்ணே, 2023 வரைக்கும் பாலிசியப் புதுப்பிச்சிருக்கலாம். நான் வந்து சொல்லியிருக்கணும், சொல்லல."

திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். "அப்ப நீ வந்திருந்தாலும் ஏதுப்பா காசு?" என்று சொல்லி விடலாம். கோபமாக நாலு வார்த்தை பேசவும் அவருக்கு உரிமை இருக்கிறது. எதுவானாலும், அடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டியது ஒரு தாள். அதில் பாலிசி எண், முதிர்வுத் தேதி, இன்றைய நிலையில் வரக்கூடிய தொகை, நாமினி பெயர். வங்கிக் கணக்கு விவரத்தையும் நாமினியையும் சரிசெய்ய வேண்டிய படிவம். வந்த வேலை அவ்வளவுதான். அன்றைக்குப் புதிய பாலிசி பற்றிய பேச்சை எடுத்தால், மேலே சொன்ன எல்லாமே நடிப்பாகிவிடும்.

பதில் வராவிட்டால்?

எல்லாக் கதவும் திறக்காது. நம்பர் மாறியிருக்கும். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராது. முதல் மெசேஜுக்குப் பதில் இல்லை என்றால், பத்துப் பதினைந்து நாள் விட்டு ஒரு முறை அழைக்கலாம். நம்பர் மாறியிருந்தால், பாலிசியில் இருக்கும் முகவரிக்கு ஒரு கடிதம் போடலாம். ஆனால், பாலிசி விவரத்தைப் பக்கத்து வீட்டாரிடமோ உறவினரிடமோ சொல்லி விசாரிக்கக் கூடாது. வீட்டுக்கே தெரியாமல் பாலிசி போட்டவர்களும் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் பிடித்துப் பேசுவதும் கூடாது. நாலு பேர் முன்னால் 'தவணை' என்ற வார்த்தை வந்தாலே, அவருக்கு அது கடன்காரன் குரலாகத்தான் கேட்கும்.

அதற்கு மேலும் பதில் இல்லை என்றால், டைரியில் அந்தப் பெயருக்கு நேராகக் கெடு முடியும் தேதியை எழுதி வைத்து, அதற்கு ஆறு மாதம் முன்பு இன்னும் ஒரே ஒரு முறை சொல்லலாம். அக்காவின் பெயருக்கு நேராக 2027 ஜூன். அதனால் 2026 டிசம்பரில் ஒரு போன்.

வீட்டில் நின்றுபோன பாலிசி வைத்திருக்கும் வாசகர்கள், முகவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தை எடுத்து, முதலில் கட்டாமல் விட்ட தவணையின் தேதியைப் பாருங்கள். அதோடு 5 வருடத்தைக் கூட்டுங்கள். வரும் தேதி இன்னும் தாண்டவில்லை என்றால், அருகில் இருக்கும் கிளைக்குப் போய் ஒரு கணக்கு எழுதி வாங்கலாம்.